வகுப்பு நடுவில் கண்டிப்பதா, வராந்தாவில் பேசுவதா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பு, மதிய உணவுக்குப் பிந்தைய கணக்குப் பீரியட். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் அவர் குரலிலேயே பேசிக் காட்டுகிறான். வகுப்பே சிரிக்கிறது. ஆசிரியருக்கு மூன்று வழிகள் உண்டு. அங்கேயே எழுப்பிக் கண்டிக்கலாம். “நாளைக்கு அப்பாவை அழைத்து வா” என்று சொல்லலாம். பீரியட் முடிந்ததும் வராந்தாவில் தனியாக நிறுத்திப் பேசலாம். பிரம்பை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது ஒரு வழியே அல்ல.

பெரும்பாலோர் எடுப்பது முதல் வழியைத்தான். நாலு பேர் முன்னால் வெட்கப்பட்டால் திருந்துவான் என்பது கணக்கு. அந்த நாலு பேர்தான் இங்கே சிக்கல். அமெரிக்காவில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதினரையும் பெரியவர்களையும் மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடச் சொன்னார்கள். தனியாக ஆடியபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு நிதானம் காட்டினார்கள். பக்கத்து அறையிலிருந்து நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பதின்வயதினர் மட்டும் கூடுதலாகத் துணிந்தார்கள். பரிசு கிடைக்கும்போது தூண்டப்படும் மூளையின் உட்பகுதி அந்த நேரத்தில் அவர்களுக்கு அதிகமாக வேலை செய்தது. நண்பர்கள் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை, பார்த்தாலே போதும்.

தூண்டுதலை அடக்கித் திட்டமிட உதவும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. இதை வைத்து ‘பதினான்கு வயதுப் பிள்ளைக்கு யோசிக்கத் தெரியாது’ என்று சொல்வது தவறு. இந்தியா உட்பட 11 நாடுகளில் 5,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, அமைதியாக யோசிக்கும் திறன் 16 வயதளவில் பெரியவர்கள் அளவை எட்டிவிடுகிறது. உணர்ச்சி கிளறப்பட்ட நேரத்தில் தன்னைக் கட்டுப்படுத்தும் முதிர்ச்சிதான் 18-ஐயும் தாண்டி வளர்கிறது. ஆகவே, அந்தப் பையனின் எந்த மூளையோடு பேசப் போகிறோம் என்பது ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது.

வகுப்பு நடுவில் கண்டிக்கும்போது அவன் கண்களைக் கவனியுங்கள். ஆசிரியரைப் பார்க்காமல் பக்கத்து பெஞ்சைப் பார்க்கிறான் என்றால், உதட்டோரம் சிரிப்பு வருகிறதென்றால், அவன் இன்னும் மேடையில்தான் நிற்கிறான். அடுத்து வருவது பெரும்பாலும் எதிர்ப்பேச்சு. குரல் மிமிக்ரியில் தொடங்கியது மரியாதைக் குறைவாகி, தலைமையாசிரியர் அறைக்குப் போய், இடைநீக்கம் வரை நீளும். கூச்சமுள்ள பிள்ளையானால் நேர்மாறாக, மறுநாள் வகுப்புக்கே வராமல் போகலாம்.

அப்பாவை அழைப்பதில் பார்வையாளர் இல்லை என்பது நல்லதுதான். ஆனால் தண்டனை தப்பை விட்டு ஒரு நாளாவது தள்ளிப்போகிறது. டெல்டாவில் அந்த ஒரு நாளுக்கு விலையும் உண்டு. சம்பா நடவு நேரத்திலும் தை அறுவடையிலும் பள்ளிக்கு வரும் அப்பாவோ அம்மாவோ அன்றைய கூலியை இழக்கிறார். அந்தக் கோபம் வீட்டில் அடியாக இறங்கினால், பையன் மனத்தில் மிஞ்சுவது அடிதான். கணக்கு வகுப்பில் செய்தது மறந்துபோகும். திரும்பத் திரும்ப நடக்கிற தப்புக்கும், வீட்டில் ஏதோ சரியில்லை என்று தோன்றும்போதும் மட்டுமே இந்த வழியை வைத்துக்கொள்ளலாம்.

என் வாக்கு மூன்றாவது வழிக்கு. சிரிப்பு எழுந்ததும் பையன் பெயரைச் சொல்லி, “பீரியட் முடிந்ததும் என்னைப் பார்” என்று சாதாரணக் குரலில் ஒரே வரி. அதோடு பாடத்தைத் தொடர வேண்டும். வராந்தாவில் இரண்டே நிமிடம் போதும். “ஏன் செய்தாய்?” என்று கேட்டால் “சும்மா சார்” என்பான், அது பெரும்பாலும் உண்மையும்கூட. “அந்த நேரத்தில் என்ன நடந்தது?” என்று கேட்டால் சொல்லத் தொடங்குவான். பிறகு அன்றைக்கே முடியக்கூடிய ஒரு விளைவு: தவறவிட்ட இரண்டு கணக்குகளை மாலை பஸ்ஸுக்கு முன் போட்டுக் காட்ட வேண்டும். போட்டுவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. மறுநாள் எடுக்கக் கூடாது.

இது வெறும் இளகிய மனம் அல்ல. கலிஃபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு, தப்பு செய்த மாணவரின் பக்கத்தைக் கேட்டு உறவை முறிக்காமல் கண்டிப்பது பற்றிய சிறு பயிற்சி தரப்பட்டது. 2016-இல் வெளியான முடிவின்படி, அவர்களுடைய மாணவர்களில் அந்த ஆண்டு இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் 4.8 சதவீதம், வேறு பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மாணவர்களில் 9.6 சதவீதம்.

இந்த வழி கெடுவதும் உண்டு. இரண்டு நிமிடம் இருபது நிமிட அறிவுரையானால் பையன் தலையாட்டிவிட்டுப் போவான். விளைவே இல்லாமல் பேச்சு மட்டும் என்றால் அடுத்த வாரம் வேறொருவன் மிமிக்ரி செய்வான். கைகலப்பு என்றாலோ, ஒரு பிள்ளையை மற்றவர்கள் சேர்ந்து கேலி செய்கிறார்கள் என்றாலோ பீரியட் முடியும்வரை காத்திருக்க முடியாது. அப்போது உடனே நிறுத்தி, முதலில் சுற்றி நிற்பவர்களைக் கலைத்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும்.