பத்துப் பத்தி தாண்டி வந்த 12,500: ஓர் ஆட்குறைப்பு மடலும் மூன்று திருத்தங்களும்

2014 ஜூலை 17 அன்று மைக்ரோசாப்டில் இரண்டு மடல்கள் போயின. ஒன்று தலைமை அதிகாரி சத்யா நாதெல்லா எழுதியது. மற்றொன்று, நோக்கியாவிடமிருந்து வாங்கிய போன் பிரிவைக் கவனித்த ஸ்டீபன் ஈலப் எழுதியது. ஈலப்பின் மடல் 'ஹலோ' என்று தொடங்கி, நிறுவனத்தின் உத்தி, லூமியா போன்கள், விலை குறைந்த போன்கள் என்று கிட்டத்தட்ட பத்துப் பத்திகள் நடந்த பிறகுதான் சுமார் 12,500 பேர் குறைக்கப்படுவார்கள் என்கிறது. அன்றைக்கே பலர் கேலி செய்த மடல் இது. இதைத் திருத்தக் கொடுத்தால் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வெட்டிச் சுருக்குவது. பெரும்பாலான அலுவலகங்களில் இதைத்தான் செய்வார்கள். இதனால் பெரிய பயன் இல்லை. பாதியாக வெட்டினாலும் எண் ஐந்தாவது பத்தியில்தான் வரும். வெட்டும்போது ஊர்ப்பெயர்களும் போய்விடும் ஆபத்து வேறு. அந்த மடலில் உருப்படியான பகுதியே அதுதான்: உயர்விலை போன்களின் பொறியியல் பணி பின்லாந்தின் சலோவில், மலிவு போன்களின் பணி அதே நாட்டின் டாம்பரேயில், ஊலுவில் மட்டும் பணி குறையும், ஹங்கேரி ஆலையிலிருந்து படிப்படியாக வெளியேற்றம், உற்பத்தி பெரும்பாலும் ஹனோயில். (நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை இந்தக் கணக்கில் வராது. வரித் தகராறால் அது மைக்ரோசாப்டின் கைக்கே போகவில்லை.)

இரண்டாவது வழி, எண்ணை மேலே கொண்டுவருவது. நாதெல்லாவின் மடல் அப்படித்தான் இருந்தது. ஓராண்டில் 18,000 பணியிடங்கள் வரை, அதில் சுமார் 12,500 நோக்கியா பிரிவில் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். நேர்மை என்ற அளவில் இது ஈலப்பைவிடப் பல படி மேல். ஆனால் முதல் 13,000 பேரில் பெரும்பாலோருக்கு அடுத்த 6 மாதங்களில் தகவல் வரும் என்றும் சொன்னார். எண் தெரிந்துவிட்டது, நான் அதில் இருக்கிறேனா என்பது தெரியவில்லை. ஆறு மாதம் அந்தக் கேள்வியோடு வேலைக்கு வருகிறவரிடம் பதறாதே என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது வழி, படிப்பவர் மனதில் எழும் கேள்விகளின் வரிசையிலேயே எழுதுவது. தங்குமிட வாடகை நிறுவனமான ஏர்பிஎன்பியின் தலைமை அதிகாரி பிரையன் செஸ்கி 2020 மே 5 அன்று அனுப்பிய மடல் இதற்கு நெருங்கி வருகிறது. அதுவும் நீளமானதுதான். 7,500 பேரில் சுமார் 1,900 பேர் என்ற எண்ணும் முதல் வரியில் இல்லை, ஆனால் ஆட்குறைப்பு உறுதி என்பது ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. அப்புறம் விவரங்கள். அமெரிக்க ஊழியர்களுக்கு 14 வார அடிப்படைச் சம்பளம், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கூடுதலாக ஒரு வாரம், 12 மாதம் மருத்துவக் காப்பீடு. அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கு அடுத்த சில மணி நேரத்தில் சந்திப்பு அழைப்பு வரும், கடைசி வேலை நாள் மே 11. படிப்பவரைக் கொஞ்சமாவது அமைதிப்படுத்துவது இந்தத் தேதிகள்தான், 'உங்கள் வலி புரிகிறது' என்ற வரி இல்லை.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் ஈலப்பின் மடலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பின்லாந்தில் ஊழியர் பிரதிநிதிகளோடு பேசி முடிக்காமல் ஆட்குறைப்பை இறுதி முடிவாக அறிவிக்கச் சட்டம் விடாது. அதனால் 'திட்டமிட்டுள்ளோம்' என்ற சொல்லை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதை மடல் முழுக்கத் தெளிக்காமல், எது திட்டம், எது இன்னும் தெரியாது என்று பிரித்துச் சொன்னால் போதும். தொடக்கம் இப்படி வரலாம்:

"அடுத்த ஓராண்டில் நம் பிரிவில் சுமார் 12,500 பணியிடங்களைக் குறைக்கத் திட்டமிட்டுள்ளோம். தொழிற்சாலை, அலுவலகம் இரண்டிலும் இது நடக்கும். ஹங்கேரி ஆலையிலிருந்து படிப்படியாக வெளியேறவும், ஊலுவில் பொறியியல் பணியைக் குறைக்கவும் எண்ணியுள்ளோம். சலோ, டாம்பரே மையங்கள் தொடரும், ஆனால் அங்கு ஒருவருக்கும் பாதிப்பு இல்லை என்று இன்று சொல்ல முடியாது. பின்லாந்தில் பேச்சுவார்த்தை முடிந்த பிறகே யார் யார் என்பது முடிவாகும். உங்கள் நிலையை ____ தேதிக்குள் உங்கள் மேலாளர் நேரில் சொல்வார். வெளியேறுவோருக்கான தொகை நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டுக்கான விவரம் கீழே உள்ளது."

லூமியா உத்தி இதற்குப் பிறகு வரட்டும், இரண்டு பத்தி போதும். அந்தக் காலி இடத்தில் தேதி போட நிர்வாகம் தயங்கினால், மடலைத் திருத்துகிறவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. தேதி முடிவாகும்வரை அனுப்பாதீர்கள் என்று திருப்பிக் கொடுக்கலாம். பங்குச் சந்தைக்கு அன்றே அறிவித்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால், அடுத்த தகவல் என்றைக்கு வரும் என்பதையாவது எழுதி வாங்கலாம்.