ஹிஜ்ரி தேதியைக் கணிக்க: 11 நாள் கழிப்பதா, சூத்திரமா?

பன்னிரண்டு சந்திர மாதம் கூட்டினால் சுமார் 354.37 நாள்தான், ஆங்கில ஆண்டோ 365.24. ஹிஜ்ரியில் அதிக மாதம் சேர்த்துச் சரிக்கட்டும் வழக்கம் இல்லாததால் வருடா வருடம் 10.875 நாள் முன்னால் நகர்கிறது.

அருகில் தெரிந்த தேதி ஒன்று இருந்தால் 11 நாள் கழிப்பதே மேல். சவூதியில் ரமலான் தொடங்கியது 2023 மார்ச் 23. அடுத்த வருடம் மார்ச் 11, அதாவது 12 நாள் நகர்வு (இடையில் பிப்ரவரி 29 வந்துவிட்டது). 2025இல் மார்ச் 1, அது 10 நாள். 2026இல் பிப்ரவரி 18, அது 11. ஒவ்வொரு வருடமும் முரண்டு பிடித்தாலும் மூன்றும் சேர்ந்து சரியாக 33. ஆனால் முப்பது வருடத்துக்கு இதையே செய்தால் 330 வரும், உண்மையில் நகர்வது 326 நாள்தான், நாலு நாள் போச்சு.

தூர ஆண்டுகளுக்குச் சூத்திரம்தான் சரி:

```
G = H × 0.970224 + 621.5774
```

H ஹிஜ்ரி ஆண்டு, G ஆங்கில ஆண்டு. H முழு எண்ணாக இருந்தால் முதல் மாதமான முஹர்ரத்தின் தொடக்கம். ரமலானுக்கு முன் எட்டு மாதம் முடிந்திருக்கும், அதனால் 1447 ரமலானுக்கு H = 1447.667. விடை 2026.139, தசமத்தை 365ஆல் பெருக்கினால் பிப்ரவரி 20, அதாவது இரண்டு நாள் தள்ளி. எத்தனை நூற்றாண்டு தாண்டினாலும் பிழை பெரிதாக வளராது என்பதுதான் இதன் பலம்.

எதில் போட்டாலும் பிறை பார்ப்பதில் ஊருக்கு ஊர் ஒரு நாள் மாறும், அப்புறம் ஹிஜ்ரி நாள் சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும், இரவு நடந்த நிகழ்ச்சி என்றால் அதையும் பாருங்கள்.