வள்ளுவர் சிலை ஸ்டிக்கர்: ஆட்டோ டிரேஸ் போதுமா, கையால் வரையணுமா?

பின்னணி நீக்கிய திருவள்ளுவர் சிலைப் படம் ஒன்று இருக்கிறது. பீடம் உட்பட 12 செ.மீ. உயரத்தில் இரண்டு வேலை. ஒன்று, பிரிண்ட் எடுத்து ஓரம் வெட்டும் டை-கட் ஸ்டிக்கர். மற்றொன்று, பைக் டேங்கில் ஒட்ட ஒற்றை நிற வினைல். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் பெரும்பாலும் இரண்டுக்கும் படத்தை வெட்டுப் பாதையாக மாற்றிய ஒரே டிரேஸைத்தான் அனுப்புகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

எந்த வழியானாலும் முதலில் படத்தின் அளவைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த, 300 பிக்சல் உயரமுள்ள படத்தை 12 செ.மீ.க்கு இழுத்தால் ஒரு பிக்சல் 0.4 மி.மீ. ஆகிவிடும். கட்டிங் பிளாட்டரின் பிளேடு முனை, தண்டின் மையத்திலிருந்து சுமார் 0.25 மி.மீ. பின்தங்கி இழுபட்டுத் திரும்பும். படத்தின் ஓரத்தில் பிக்சல்கள் உண்டாக்கும் 0.4 மி.மீ. படிக்கட்டில் ஒரு திருப்பம் முடிந்த கையோடு அடுத்தது வந்துவிடும். வளைவில் மெஷின் விட்டுவிட்டு அதிர்கிற சத்தம் கேட்கும், ஓரம் ரம்பப் பல் மாதிரி வரும். பிளேடு மழுங்கிவிட்டது என்று பலர் அதை மாற்றிப் பார்ப்பார்கள். குற்றம் பாதையில் இருக்கும். 1500 பிக்சல் படமென்றால் பிக்சல் 0.08 மி.மீ.தான், தொல்லை இல்லை.

ஆட்டோ டிரேஸ் எளிது. உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பி, வெள்ளைப் பின்னணியில் வையுங்கள். பின்னணி நீக்கும்போது ஓரத்தில் தங்கும் அரைகுறை ஒளிபுகும் பிக்சல்களை இதுதான் அடக்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் `Path > Trace Bitmap` திறந்து `Brightness cutoff` தேர்ந்து, `Speckles` மதிப்பை ஏற்றினால் தூசிப் புள்ளிகள் போகும். `Optimize` ஏற்றினால் பாதையின் புள்ளிகளான நோடுகள் குறையும். அப்படியும் நோடு அதிகமாக இருந்தால் `Path > Simplify` ஒருமுறை போதும். திரும்பத் திரும்ப அழுத்தினால் பீடத்தின் நேர்மூலைகள் உருண்டுவிடும்.

டை-கட்டுக்கு இதுவே போதும் என்பதற்குக் காரணம் ஆஃப்செட். வெட்டுக்கோடு உருவத்துக்கு 3 மி.மீ. வெளியே போகிறது. அப்படித் தள்ளும்போது 6 மி.மீ.க்குக் குறைவான இடுக்குகளெல்லாம் தாமாக மூடிக்கொள்ளும். சிலையின் வலக்கையில் அறம், பொருள், இன்பத்தைக் குறிக்கும் மூன்று விரல்களையும் டிரேஸ் எப்படிக் குதறியிருந்தாலும் வெட்டுக்கோட்டில் தெரியாது. செய்ய வேண்டியது: `Path > Break Apart` கொடுத்து, உள் ஓட்டைகளை அழித்து, வெளிப்பாதைக்கு `Path Effects`-இல் `Offset` சேர்ப்பது. உள்நோக்கிய கூர்மூலை மிஞ்சினால் அங்கே ஸ்டிக்கர் கிழியும். 4 மி.மீ. வெளியே தள்ளி, பிறகு 1 மி.மீ. உள்ளே இழுத்தால் அந்த மூலை உருண்டுவிடும். இதற்குப் பேனா டூலோடு அரைமணி நேரம் உட்காருவது வீண்.

வினைலில் கதை தலைகீழ். வெட்டுவதே உருவத்தின் விளிம்பு. ஆஃப்செட் மூடி மறைக்க இடமில்லை. இந்த அளவில் ஒரு விரல் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், இடைவெளி அதைவிடச் சிறிது. ஆட்டோ டிரேஸ் விரல்களை ஒட்டிவிடும், இல்லையேல் மயிரிழைத் துண்டை விடும். வேண்டாத வினைலை உரிக்கும்போது அந்தத் துண்டோடு விரலும் சேர்ந்து வரும். எனவே பேனா டூலால் வரையுங்கள். வளைவின் உச்சிகளில் மட்டும் நோடு, பீடத்தின் நேர்கோட்டுக்கு இரண்டே நோடு. விரல் இடைவெளியை வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டருக்கு அகட்டுங்கள். படத்துக்கு உண்மையாக இருப்பதைவிடத் தூரத்திலிருந்து மூன்று விரலாகத் தெரிவதுதான் முக்கியம். கைக்கும் உடலுக்கும் நடுவே தெரியும் ஓட்டையை `Path > Combine` மூலம் சேர்த்தால் அது ஓட்டையாகவே வெட்டும்.

இரண்டுக்கும் நடுவழி உண்டு: ஆட்டோ டிரேஸ் எடுத்து, பீடத்தையும் கையையும் மட்டும் திருத்துவது. படம் தெளிவாக இருந்தால் இது லாபம். மங்கலென்றால் நோடுகளை அழித்து ஓய்வதற்குள் புதிதாகவே வரைந்துவிடலாம்.

கோட்டோவியத்தை டிரேஸ் செய்தால் கோட்டின் இரு பக்கமும் இரண்டு பாதை வரும், பிளேடு இருமுறை ஓடும். அனுப்புமுன் `View > Display Mode > Outline` போட்டால் இது உடனே தெரியும்.

படத்தில் எழுத்தும் இருந்தால், குளச்சல் வள்ளங்களின் பெயர் ஸ்டிக்கர் போல, அதை டிரேஸ் செய்யவே வேண்டாம். எழுத்துருவில் புதிதாகத் தட்டி `Object to Path`, `Ungroup` கொடுத்து, பிறகு `Union` செய்யுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் பிளேடு குறுக்கே வெட்டிவிடும்.