சிங்கப்பூர்க் கடன் வட்டி: உள்நாட்டு விகிதமா, ஒப்பந்த விகிதமா?

குளச்சலில் உள்ள மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று சிங்கப்பூர் வங்கியிடம் டாலரில் கடன் வாங்கியிருக்கிறது. ஆண்டு வட்டி ரூ.10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த வட்டியை அனுப்பும்போது உள்நாட்டுச் சட்டப்படி வரிப் பிடித்தம் 20%. 4% செஸ் சேர்த்தால் 20.8%, அதாவது ரூ.2,08,000. இந்தியா–சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி வங்கிக்கு 10% தான், செஸ் கிடையாது: ரூ.1,00,000. கடன் தந்தது வங்கியோ நிதி நிறுவனமோ இல்லையென்றால் 15%. இந்த வேறுபாட்டைத்தான் பலர் கவனிப்பதில்லை. ராயல்டிக்கும் இதே 20% எதிர் 10% கணக்குதான்.

வரி யார் தலையில் விழும்? ‘வரி போக முழு வட்டியும் கைக்கு வர வேண்டும்’ என்று கடன் பத்திரத்தில் இருந்தால், குளச்சல்காரரே கட்ட வேண்டும். அப்போது வட்டியை உயர்த்திக் கணக்கிடுவதால் வரி ரூ.2,62,626; ஒப்பந்த விகிதத்தில் ரூ.1,11,111.

குறைந்த விகிதம் தானாக வராது. கடன் தந்தவர் சிங்கப்பூரில் வரி வதிவாளர் என்று காட்டும், அந்த ஆண்டுக்கான வதிவிடச் சான்றிதழ் வேண்டும். வட்டியின் உண்மையான உரிமையாளர் தாமே என்ற உறுதிமொழியும் கடன் தந்தவரிடமிருந்து பணம் அனுப்பும் முன்பே வாங்க வேண்டும். பழைய ஆண்டுச் சான்றிதழை நம்பிக் குறைவாகப் பிடித்தால், விடுபட்ட வரியை மாதம் 1% வட்டியோடு நம்மிடமே கேட்பார்கள்.