ஆல்பம் டிசைனை வெளியே கொடுப்பவர்கள் கவனத்துக்கு: கேட்காமலே தழும்பை அழித்துவிட்டார்கள்

கல்யாண ஆல்பத்தை டிசைனுக்கு வெளியூர் அனுப்பும் போட்டோகிராபர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். போன தை மாதக் கல்யாணம் ஒன்றில் 24,000 ரூபாய் என் கையை விட்டுப் போனது. மணப்பெண்ணிடம் நான் சொன்ன வார்த்தையும் பொய்யாகிப்போனது.

அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே மேலுதடு பிளந்திருந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே தைத்திருக்கிறார்கள். இடது மூக்குத் துவாரத்திலிருந்து உதடு வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அந்தப் பக்க மூக்கும் சற்றுத் தட்டையாக இருக்கும். முன்பணம் கொடுக்க வந்த அன்று அவருடைய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதை மட்டும் எடுத்துருங்க தம்பி" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். அது என் முதல் தப்பு. இரண்டு நாள் கழித்துப் பெண்ணே போன் செய்து, "அம்மா ஏதாவது சொல்லியிருப்பாங்க. அதை அப்படியே விட்டுருங்கண்ணா" என்றார். விட்டுவிடுகிறேன் என்றேன். மேக்கப் செய்ய வந்தவரிடமும் அவர் இதையே சொல்லியிருந்தார்.

டிசைன் ஆபீசுக்குப் படங்களை அனுப்பியபோது ஓனருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டேன்: "பொண்ணு உதட்டுத் தழும்பைத் தொடாதீங்க." அவர் கேட்டுவிட்டு கட்டைவிரலைக் காட்டினார். ஆனால் 40 ஷீட்டையும் அங்கே மூன்று பேர் பிரித்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். மூன்று பேர் காதுக்கும் அந்த மெசேஜ் போகவில்லை. எல்லா முகத்துக்கும் ஒரே ஆக்‌ஷனை ஓடவிட்டுத் தோலை வழவழப்பாக்கிவிட்டு, பெரிய முகங்களில் ஹீலிங் பிரஷ்ஷால் கோட்டையும் அழித்துவிட்டார்கள்.

பிரின்ட் ஆகி வந்த ஆல்பத்தை வாங்கியவுடன் பெண் கையில் கொடுத்துவிட்டேன். தாலி கட்டும் ஷீட்டில் அவர் கை நின்றது. இடப்பக்கம் முழுப் பக்கத்துக்கு முகம், அதில் தழும்பு இல்லை. வலப்பக்கம் அவர் திரும்பிப் பார்க்கும் சின்னப் படம், அதில் தழும்பு இருக்கிறது. உங்கள் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே விரலை வைத்துப் பாருங்கள், ஒரு பள்ளமும் இருபுறம் இரண்டு மேடும் தட்டுப்படும். அவருக்கு இடது மேடு இருக்க வேண்டிய இடத்தில்தான் தழும்பு. அதைத் துடைத்ததும் அந்த இடம் தட்டு மாதிரி சமமாகிவிட்டது. மூக்கு மட்டும் பழையபடி சாய்ந்தே இருக்கிறது. மண்டபத்தில் பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்துக்கு அங்கே ஒரு நிழல் வேண்டும், அதுவும் காணோம். அக்கா தங்கையில் யாரோ போல இருந்தார்.

இன்னொரு ஷீட்டில் லே அவுட்டுக்கு ஒத்துவர வேண்டும் என்று படத்தையே திருப்பிப் போட்டிருந்தார்கள். புடவை முந்தானை வலது தோளில், தழும்பும் வலது பக்கம். மச்சம், தழும்பு உள்ளவர்கள் படத்தை ஃபிளிப் செய்தால் பக்கம் மாறியது காட்டிக்கொடுத்துவிடும்.

"நான்தான் விடச் சொன்னேனேண்ணா" என்று மட்டும் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், 11 ஷீட் கெட்டிருந்தது. ஒட்டிக் கட்டிய ஆல்பத்தில் 11 ஷீட்டை மட்டும் உருவி மாற்ற முடியாது, 40-ஐயும் திரும்ப அடிக்க வேண்டும்.

டிசைன் ஆபீசுக்குப் போன் செய்தால், முதலில் "நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றார்கள். வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டியதும் "பையன் புதுசு" என்றார்கள். கடைசியில் "எல்லாரும் எடுக்கத்தானே சொல்வாங்க, நல்லதுக்குத்தான் பண்ணோம்" என்றார்கள். 11 ஷீட்டையும் இலவசமாக மறுபடி செய்து தருகிறோம், பிரின்ட் செலவு உங்களுடையது என்று முடித்துக்கொண்டார்கள். திருத்தத்தைத் தனி லேயரில் செய்த பி.எஸ்.டி. ஃபைலைக் கொடுங்கள், அந்த லேயரை அணைத்துக்கொள்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஜேபெக் ஆக மட்டுமே சேமித்திருந்தார்கள். நல்லவேளையாக ரா ஃபைல் முழுதும் என்னிடம் இருந்தது.

பிரின்டுக்குப் போகும் முன் எப்படிக் கோட்டைவிட்டாய் என்று கேட்பீர்கள். புரூஃபை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். 12க்கு 36 இன்ச் ஷீட்டைப் போன் திரையில் பார்த்தால் அந்தக் கோடு இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. போதாததற்கு, அந்த வீட்டில் புரூஃப் பார்த்து ஓகே சொன்னது பெண்ணின் அண்ணன். இப்போது முழு அளவு ஃபைல் வந்தால்தான் பார்க்கிறேன், முகங்களை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி. ஓகே சொல்ல வேண்டியவர் யாருடைய முகமோ அவர்தான். வாய்ஸ் மெசேஜும் கிடையாது. ஒரு படத்தில் அந்த இடத்தை வட்டமிட்டு, 00_DONT_TOUCH.jpg என்று பெயர் வைத்து ஒவ்வொரு ஃபோல்டரிலும் போட்டுவிடுகிறேன். பூஜ்யத்தில் ஆரம்பிப்பதால் பெயர் வரிசையில் யார் திறந்தாலும் பெரும்பாலும் முதலில் அதுதான் நிற்கும்.

கேட்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். முகத்தைப் பார்த்து "இதை எடுத்துரலாமா" என்று கேட்டால், அது அசிங்கமாக இருக்கிறது என்று நாமே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிறது. அதனால் தழும்பு இருக்கிறவர், இல்லாதவர் எல்லாரிடமும் ஒரே வாக்கியம்தான்: "பரு, கொசுக்கடி மாதிரி ரெண்டு வாரத்துல தானா போறதை நாங்களே எடுத்துருவோம். மச்சம், தழும்புன்னு எப்பவும் இருக்கறதை நீங்க சொன்னாத்தான் தொடுவோம்." சொல்ல ஏதாவது இருந்தால் அவர்களே ஆரம்பிப்பார்கள். கூட்டத்தில் கேட்டால் அம்மாவோ அத்தையோதான் பதில் சொல்வார்கள். அதனால் தனியாக, இல்லாவிட்டால் எழுத்தில் கேட்கிறேன். எடுக்கச் சொல்பவர்களுக்கு ஒரே படத்தை முழுதாக எடுத்தும், பாதி மங்க வைத்தும் காட்டுகிறேன். திருத்திய லேயரின் ஒபாசிட்டியை 50-க்குக் கொண்டுவந்தால் சிவப்பும் பளபளப்பும் குறையும், முகம் அவருடையதாகவே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களில் முழுதாக எடுக்க வந்த சிலர் பாதியில் நின்றிருக்கிறார்கள். வீடியோவில் தழும்பு அப்படியேதான் இருக்கும், சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததிலும் இருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.

சில படங்களில் வாடிக்கையாளரே கேட்டாலும் விட்டுவிடச் சொல்கிறேன். பாஸ்போர்ட், விசா படங்களில் தோற்றத்தைத் திருத்தக் கூடாது. மச்சத்தை அழித்த படம் நிராகரிக்கப்பட்டால் அலைச்சல் அவர்களுக்குத்தான். பள்ளிக்கூட டி.சி.யிலேயே அங்க அடையாளம் என்று எழுதி வாங்குகிற ஊர் இது. ஜாதகத்தோடு அனுப்பும் படமும் அப்படித்தான். அழித்து அனுப்பினால் பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு முகத்தையும் படத்தையும் ஒப்பிடுவார்கள். அந்தச் சங்கடத்தில் போட்டோகிராபர் இருக்க மாட்டார், அந்தப் பெண்தான் இருப்பார்.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழங்கையில் தீக்காயத் தழும்போடு ஒருவர் வந்தார். "இதைப் பார்த்தா அந்த நாள் ஞாபகம் வருது, ஆல்பத்துல வேண்டாம்" என்றார். எப்படி ஆனது என்று கேட்கவில்லை. எல்லாப் படத்திலும் எடுத்துக் கொடுத்தேன்.

24,000 ரூபாயில் பாதியாவது கொடுங்கள் என்று நாலு முறை கேட்டுவிட்டேன், பதில் இல்லை. தீபாவளி ஆஃபர் ரேட் கார்டு மட்டும் அந்த நம்பரிலிருந்து தவறாமல் வந்தது.