கொட்டானா, டேப்பா? டோக்கன் வரும்வரை ஒன்றரை வயதுக் கையில் எதைக் கொடுப்பது

பாளையங்கோட்டையில் சாயங்காலம் குழந்தை டாக்டரிடம் போயிருக்கிறீர்களா? போன வாரம் எங்கள் டோக்கன் 31. உள்ளே 14 போய்க்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்கு 4 நிமிஷம் என்று வைத்தாலும் 17 பிள்ளைக்கு 68 நிமிஷம். என் மகளுக்கு 20 மாதம். காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் மட்டும் பாக்கி. அதாவது மடியில் துவண்டு தூங்கவும் மாட்டாள், இறக்கிவிட்டால் நிற்கவும் மாட்டாள்.

பையில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று என் மாமியார் தயார் செய்தது: உள்ளங்கை அளவு பனையோலைக் கொட்டான், மூடியோடு, உள்ளே ஐந்து பொருள். "பிள்ள கையில கொட்டானக் கொடு, அது பாட்டுக்கு இருக்கும்" என்பார் அத்தை. இன்னொன்று நான் தயார் செய்தது: பெயிண்டர்கள் சுவரோரம் ஒட்டுகிற மாஸ்கிங் டேப். ஹார்டுவேர் கடையில் ஒரு அங்குல அகலத்தில் கிடைக்கும். முழுச் சுருளையும் தூக்கிப் போக வேண்டாம். பழைய ஏ.டி.எம். அட்டையில் இரண்டு மீட்டர் சுற்றிக்கொண்டால் சட்டைப்பையில் அடங்கிவிடும்.

இரண்டுமே சத்தம் போடாது. ஆனால் வேலை செய்கிற விதம் வேறு.

கொட்டான் என்பது போட்டு எடுக்கிற விளையாட்டு. ஒரு வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு இதில் பைத்தியம்: உள்ளே போடுவது, மூடுவது, திறப்பது, தலைகீழாகக் கொட்டுவது, மறுபடி முதலிலிருந்து. நமக்குச் சலிக்கும், அவர்களுக்குச் சலிக்காது. உள்ளே என்ன வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அத்தை முதலில் வைத்தது அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான். மரத்தில் கடைந்த குட்டி அம்மி, குழவி, கரண்டி. பார்க்க அத்தனை அழகு. நான்தான் பாதியை வெளியே எடுத்தேன்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க ஒரு சின்ன உருளை உண்டு. அதன் குறுக்களவு ஏறக்குறைய 3.2 செ.மீ. ஒரு பொருளை அழுத்தாமல் போட்டு அது முழுக்க உள்ளே அடங்கிவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளலாம். வீட்டில் காலண்டர் அட்டையைக் குழலாகச் சுருட்டி ஒட்டினால் இந்தச் சோதனையை நாமே செய்யலாம். நான் கொஞ்சம் தாராளமாக 4 செ.மீ. அகலம் வைத்தேன். குழவி உள்ளே போய்விட்டது. கரண்டியும் போனது. எல்லா வீட்டிலும் பிள்ளை கையில் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் மூடியும் போய்விட்டது, அது ஏறக்குறைய 3 செ.மீ.தான். புளியங்கொட்டை, குன்றிமணி பற்றிச் சொல்லவே வேண்டாம். குன்றிமணி அடைப்பது மட்டுமில்லை, விஷமும்கூட.

கடைசியில் தேறியவை ஐந்து: மர அம்மி (பெரிய செட்டிலிருந்து), அகலமான ஹார்லிக்ஸ் மூடி, அவளுடைய பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்று, நூல்சேலையில் கிழித்த இரண்டு கைக்குட்டைத் துணி. துணிகளைச் சும்மா போடாமல் ஒன்றோடொன்று முடிந்து உள்ளே திணித்து, ஓரத்தை மட்டும் வெளியே விட்டோம். இழுக்க இழுக்க வருகிறது என்பதே அவளுக்குப் பத்து நிமிஷம்.

கொட்டானிலும் பார்க்க வேண்டியது உண்டு. பழைய துணியால் விளிம்பை ஒருமுறை தடவுங்கள். துணி சிக்கினால் அங்கே ஓலை பிசிறியிருக்கிறது. விரலைக் கிழிக்கும், வாயில் போனால் நறுக்கு உதிரும். கத்தரித்துவிடலாம், நிறைய இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். சாயம் போட்ட கொட்டான் என்றால் ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வேண்டாம்.

டேப்பில் விளையாட்டு ஒட்டி உரிப்பது. விரலும் கட்டைவிரலும் சேர்ந்து கிள்ளுகிற பிடி வந்த பிள்ளைக்குத்தான் சரிப்படும். எங்கள் வீட்டில் 18 மாதம் வாக்கில் பிடித்தது. நான் ஒரு சாண் நீளம் கையாலேயே கிழித்து (கத்தரி வேண்டாம், குறுக்கே கிழியும்), ஒரு முனையை மட்டும் மடித்துக் காது போல விட்டு, அவள் முழங்காலில் பாவாடைமேல் ஒட்டுவேன். காது இல்லையென்றால் உரிக்க முடியாமல் அழுகை வந்துவிடும். அவள் உரித்து என் கையில் ஒட்டுவாள். நான் உரித்து நாற்காலிக் கையில் ஒட்டுவேன். குட்டித் துண்டாகக் கிழிப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு, அது நேரே வாய்க்குப் போகும். சாணுக்குக் குறையாமல் இருக்கட்டும், சுருட்டி உருண்டையாக்கினால் உடனே வாங்கிக்கொள்ளுங்கள். கரப்பான், தடிப்பு உள்ள தோலில் ஒட்ட வேண்டாம். சுண்ணாம்பு அடித்த சுவரிலும் வேண்டாம், பட்டையாக உரிந்து வந்து வரவேற்பில் இருக்கிற அக்காவிடம் பேச்சு வாங்க வேண்டிவரும். செலோ டேப் இதற்கு ஆகாது. இழுக்கும்போது கீச்சிடும், விளிம்பும் கூர்.

தண்ணீர் பேனாப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது, நனைத்தால் நிறம் வரும், காய்ந்தால் வெள்ளையாகிவிடும். இரண்டரை வயதுக்கு மேல் நல்லது. அதற்குக் கீழே பேனா முனையைச் சப்புவதோடு சரி. போன்? ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது ஒரு பக்கம். எனக்குப் பெரிய தொல்லை, டாக்டர் அறை வாசலில் அதைப் பிடுங்கும்போது வருகிற அலறல்தான். அழுகிற நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து அவரால் என்ன கேட்க முடியும்?

சரி, எது ஜெயித்தது? நேரக் கணக்கில் கொட்டான். அன்றைக்கு டோக்கன் 17 முதல் 22 வரை அதுதான் ஓடியது, எடுத்து ஒளித்துவைத்துவிட்டு 26இல் மறுபடி கொடுத்தபோதும் புதுசு போல வாங்கிக்கொண்டாள். டேப் 22 முதல் 25 வரை, அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கென்று பார்த்தால் என் ஓட்டு டேப்புக்கே. காரணம் தரை. கொட்டினால் ஐந்தும் கீழே போகும், பத்து இருமல் பிள்ளைகள் நடந்த தரை, அடுத்த நொடி வாய். விழுந்ததை ஒரு பிளாஸ்டிக் கவரில் தனியாகப் போட்டுக்கொண்டே வந்தோம். 28ஆம் டோக்கனில் கொட்டானும் முடிந்த துணியும்தான் மிச்சம். டேப் விழுந்தால் குப்பைத்தொட்டி, அடுத்த துண்டு கிழித்தால் போதும். ஓலையைச் சோப்புப் போட்டுக் கழுவவும் முடியாது, ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். துடைத்து வெயிலில் வைக்கத்தான் முடியும்.

வாகைக்குளம் விமான நிலையம் என்றால் தீர்ப்பை மாற்றுவேன். அங்கே காத்திருக்கும் பிள்ளைக்கு நோயில்லை, பக்கத்தில் விரிக்க ஒரு துண்டு இருந்தால் கொட்டானைத் தாராளமாகக் கொட்டலாம். டேப்பை மிச்சம் வைத்துக்கொண்டு விமானத்துக்குள் எடுங்கள். அங்கே விழுகிற சாமான் இருக்கைக்கு அடியில் போய்விடும், டேப் ஜன்னலோரமே ஒட்டிக்கிடக்கும்.

எதுவானாலும் போய் உட்கார்ந்ததும் பையைத் திறக்காதீர்கள். முதல் கால் மணி நேரம் மின்விசிறி, மீன்தொட்டி, எதிரே இருக்கிற அண்ணன் என்று இடமே போதும். சிணுங்கல் தொடங்குகிற நேரத்தில் முதல் சாமான், அதுவும் ஒன்று மட்டும். ஒரு டேப் துண்டை டாக்டர் அறைக்கென்று வைத்திருந்தேன். 31 கூப்பிட்டதும் அவள் புறங்கையில் ஒட்டிவிட்டேன். அவள் டேப்பின் காதைத் தேடி உரித்து முடிப்பதற்குள் டாக்டர் முன்னும் பின்னும் நெஞ்சைக் கேட்டுவிட்டார். அந்தத் துண்டை அப்புறம் காணவில்லை. வண்ணார்பேட்டை வந்து இறங்கும்போதுதான் பார்த்தேன், அத்தையின் முந்தானையில் ஒட்டியிருந்தது.