ஒரே ராத்திரி கேன்சல் பண்ண ரெண்டு டிக்கெட்: ட்ரெயின் எவ்வளவு பிடிச்சான், பஸ் எவ்வளவு பிடிச்சான்

2024 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, பெங்களூர்ல இருந்து மதுரை போகணும். வழக்கம் போல ரெண்டு டிக்கெட் போட்டு வச்சிருந்தேன். ஒண்ணு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர், சாயங்காலம் அஞ்சேகாலுக்கு பெங்களூர்ல இருந்தே கிளம்புற வண்டி, போடும்போது வெயிட்டிங் லிஸ்ட். அது கன்ஃபர்ம் ஆகலைன்னா இருக்கட்டும்னு ஒரு ஆம்னி பஸ் ஏசி ஸ்லீப்பரும் ஆப்ல புக் பண்ணினேன், எலக்ட்ரானிக் சிட்டில ராத்திரி 10.20க்கு ஏறணும். ட்ரெயின் கன்ஃபர்ம் ஆயிடுச்சு, ஆனா வியாழக்கிழமை ராத்திரி 9 மணிக்கு விசேஷமே தள்ளிப்போச்சுன்னு அம்மா போன் பண்ணிட்டாங்க, அதனால ரெண்டையும் அடுத்தடுத்து கேன்சல் பண்ண வேண்டியதாச்சு.

முதல்ல ட்ரெயின். அப்போ கன்ஃபர்ம் டிக்கெட்டுக்கு இருந்த கணக்கு இது: வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு மேல இருந்தா ஆளுக்கு ஒரு நிலையான தொகை மட்டும் பிடிப்பாங்க, ஸ்லீப்பருக்கு 120, தேர்ட் ஏசிக்கு 180 ப்ளஸ் ஜிஎஸ்டி. 48ல இருந்து 12 மணி நேரம் வரைக்கும் கட்டணத்துல 25 சதவீதம், 12ல இருந்து 4 வரைக்கும் பாதி, அதுக்கப்புறம் ஒண்ணும் திரும்ப வராது. நான் கேன்சல் பண்ணது வண்டி கிளம்ப 20 மணி நேரம் முன்னாடி, அதாவது 25 சதவீத ஸ்லாப்.

இங்க நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. அந்த 25 சதவீதம் முதல் ஸ்லாப்போட நிலையான தொகையை விட கம்மியா வந்தா, அந்த நிலையான தொகையைத்தான் பிடிப்பாங்க. என் டிக்கெட் 345 ரூபாய், அதுல கால்வாசி 86 சொச்சம், ஆனா பிடிச்சது 120. அதாவது ஸ்லீப்பர் டிக்கெட் 480 ரூபாய் வரைக்கும் இருந்தா ரெண்டு நாள் முன்னாடி கேன்சல் பண்ணாலும் 13 மணி நேரம் முன்னாடி கேன்சல் பண்ணாலும் அப்போ பிடித்தம் ஒண்ணுதான், பதறி முடிவெடுக்க வேண்டியிருக்கல, முந்தின நாள் ராத்திரி வரைக்கும் காத்திருக்க முடிஞ்சுது. தேர்ட் ஏசில அந்த எல்லை 720 ரூபாயா இருந்துச்சு, அதுக்கு மேல போனாதான் தாமதத்துக்கு தனியா விலை. எனக்கு 225 ரூபாய் திரும்ப வந்துச்சு. புக் பண்ணும்போது யுபிஐக்கு போட்ட கன்வீனியன்ஸ் ஃபீ 11.80 வராது, அது எப்பவுமே வராது.

வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னிருந்தா இன்னும் கம்மி, ஆளுக்கு 60 ரூபாய்தான். சார்ட் போட்டும் அந்த டிக்கெட்ல இருக்கிற எல்லாரும் வெயிட்டிங்லயே இருந்தா இ-டிக்கெட் தானா ரத்தாகி பணம் வந்துடும், நாம எதுவும் செய்ய வேண்டாம்.

இப்ப பஸ். டிக்கெட்ல போட்டிருந்த ஸ்லாப் நல்லாத்தான் இருந்துச்சு: 24 மணி நேரத்துக்கு மேல இருந்தா 15 சதவீதம், 24ல இருந்து 12 வரைக்கும் பாதி, அதுக்கு கீழ மொத்தமும் போச்சு. நான் ஏறப்போறது மறுநாள் ராத்திரி 10.20, இப்ப மணி 9, அப்ப 25 மணி நேரம் 20 நிமிஷம் இருக்கு, 1400 ரூபாய் டிக்கெட்ல 210 போகும்னு நினைச்சு கேன்சல் அமுக்கினா ஸ்கிரீன்ல 700 பிடித்தம்னு காட்டுது. ஏதோ தப்புன்னு நினைச்சு வெளிய வந்து மறுபடியும் உள்ள போனேன், அதே 700.

விஷயம் டிக்கெட்டோட அடியில சின்ன எழுத்துல இருந்துச்சு. நேரத்தை நாம ஏறுற இடத்துல இருந்து எண்ண மாட்டாங்க, அந்த பஸ் முதல் பிக்கப்ல இருந்து கிளம்புற நேரத்துல இருந்துதான் எண்ணுவாங்க. என் பஸ் ஹெப்பால்ல ராத்திரி 8 மணிக்கு கிளம்புது, ஊர் முழுக்க ஆள் ஏத்திக்கிட்டு ரெண்டு மணி நேரம் இருபது நிமிஷம் கழிச்சுதான் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வருது. 8 மணில இருந்து பின்னாடி எண்ணினா எனக்கு 23 மணி நேரம்தான் மிச்சம், 24ஐ தாண்டி ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை 490 ரூபாய். பெங்களூர், சென்னை மாதிரி பெரிய ஊர்ல கடைசி பிக்கப்ல ஏறுறவங்க எல்லாருக்கும் இந்த இடி உண்டு. அதனால இப்பல்லாம் புக் பண்ணும்போதே போர்டிங் பாயிண்ட் பட்டியலைத் திறந்து முதல் இடத்தோட நேரத்தைப் பாத்து, அதுல இருந்து 24 மணி நேரம் பின்னாடி போய் போன்ல அலாரம் வச்சிடறேன்.

இதோட முடியல. புக் பண்ணும்போது 150 ரூபாய் கூப்பன் போட்டிருந்தேன், நான் கட்டினது 1250தான். பிடித்தத்தை மட்டும் முழு 1400க்கு கணக்கு போட்டு, அதுக்கப்புறம் கூப்பனையும் கழிச்சாங்க: 1400ல 700 போய், 150 போய், கைக்கு 550. கட்டினதுல பாதி கூட வரல.

பணம் எப்ப வரும்ங்கிறதுக்கு வருவோம். ட்ரெயின் பணம் யுபிஐ வழியா போட்ட அதே அக்கவுண்டுக்கு திங்கட்கிழமை வந்துடுச்சு, நடுவுல சனி ஞாயிறு. பஸ் ஆப்ல ரெண்டு வழி காட்டும், அவங்க வாலெட்டா இல்ல நாம கட்டின அக்கவுண்டான்னு. வாலெட் உடனே ஏறிடும், ஆனா அந்தப் பணத்தை மறுபடி அவங்ககிட்டதான் செலவழிக்க முடியும், அதனால அக்கவுண்ட் தேர்ந்தெடுத்தேன். ரீஃபண்ட் முடிஞ்சதுன்னு மறுநாளே மெசேஜ் வந்துச்சு, பணம் ஒரு வாரமாகியும் வரல. அந்த மெசேஜுக்கு அர்த்தம் அவங்க அனுப்பிட்டாங்கன்னுதான், பேங்க்ல ஏறிடுச்சுன்னு இல்ல. கஸ்டமர் கேர்ல ஆர்ஆர்என்னு 12 இலக்க நம்பர் கேட்டு வாங்கணும், அதை பேங்க்ல கொடுத்தா பணம் எங்க நிக்குதுன்னு தேடிச் சொல்லுவாங்க. நம்பர் தர மாட்டேங்கிறாங்கன்னா பெரும்பாலும் இன்னும் அனுப்பலைன்னு அர்த்தம். எனக்கு அந்த நம்பரை ரெண்டாவது தடவை கேட்ட அன்னிக்கு சாயங்காலமே பணம் ஏறிடுச்சு.

அதனால நான் ட்ரெயின் பக்கம்தான். போறது சந்தேகமா இருந்தா ஸ்லீப்பர் டிக்கெட்ல அதிகபட்சம் எவ்வளவு போகும்னு புக் பண்ற அன்னிக்கே தெரியும். பஸ்ல ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் ஸ்லாப் மாறும், என் ஒரு டிக்கெட்டை வச்சு எல்லா பஸ்ஸும் இப்படின்னு சொல்ல முடியாது, 12 மணி நேரம் முன்னாடி வரைக்கும் கொஞ்சமா பிடிக்கிறவங்களும் இருக்காங்க.

ஒரு இடத்துல மட்டும் பஸ்தான் மேல். கன்ஃபர்ம் ஆன தத்கால் டிக்கெட்டை நாமளா கேன்சல் பண்ணா ஒரு பைசா திரும்ப வராது. நாளைக்கு போவேனா மாட்டேனான்னு இருக்கிறப்ப தத்கால் போடறதை விட 12 மணி நேர ஸ்லாப் நல்லா இருக்கிற பஸ்ஸைத் தேடறது நல்லது. அப்புறம், ட்ரெயின்லயும் கடைசி நேரத்தை நம்பாதீங்க: 2025 ஜூலைல இருந்து சார்ட்டை முன்னை விட பல மணி நேரம் முன்னாடியே போட ஆரம்பிச்சாங்க, சார்ட் போட்டதும் ஆன்லைன்ல சாதாரணமா கேன்சல் பண்ண முடியாது. நான் சொன்ன ஸ்லாப் 2024 நவம்பர் கணக்கு, நீங்க கேன்சல் பண்ற அன்னிக்கு என்ன ஸ்லாப்னு ஒரு தடவை பாத்துட்டு அமுக்குங்க.